மட்டன், பீன்ஸ், சமூசா: மூன்றும் சேர்ந்து எத்தனை விற்றால் கடை வாடகை தேறும்?

திருமணமாகி சாட்ஸ்வொர்த் வந்து, மூன்றாவது வருடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டேக்-அவே கடை எடுத்தேன். டர்பனில் இந்த மாதிரிக் கடையில் என்ன விற்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் பன்னி சௌ, அதிலும் 'குவார்ட்டர் மட்டன்', 'குவார்ட்டர் பீன்ஸ்', கூடவே டஜன் கணக்கில் சமூசா. முதல் ஆறு மாதம் மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. புரட்டாசி வந்ததும் (இங்குள்ள பெரியவர்கள் 'பர்ட்டாசி' என்பார்கள்) கடையில் கூட்டம் குறையவில்லை, வழக்கம்போல 1,650 உருப்படி விற்றது, ஆனால் வாடகைக்கு ஐயாயிரம் ரேண்டுக்கு மேல் துண்டு விழுந்தது. எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நீங்கள் புதிதாகக் கடை போடுகிறவராக இருந்தால் அதை ஒரு வாரக் கடைசியிலேயே கணக்குப் போட்டுவிடலாம். அதற்குத்தான் இது.

ஒரே பொருள் விற்கிறவருக்குக் கணக்கு சுலபம்: மாதம் நிற்கும் செலவை ஒரு பொருளில் கிடைக்கும் மிச்சத்தால் வகுத்தால் போதும். பல பொருள் விற்கும்போது அந்த 'ஒரு பொருளில் மிச்சம்' என்பதே எது எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்து மாறிவிடும். என் எண்களை அப்படியே தருகிறேன், சுலபத்துக்காகக் கொஞ்சம் முழு எண்ணாக்கி. உங்களுடையதை அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

வேண்டியது நான்கு. கடைசி நான்கு வாரத்துக்கான கல்லா இயந்திரத்தின் பொருள்வாரி அறிக்கை. கறிக்கடை, ரொட்டிக்கடை, மளிகை பில்கள். ப்ரீபெய்ட் மின்சார ரசீதுகள். வங்கி ஸ்டேட்மெண்ட், கார்டு இயந்திரக் கழிவு உட்பட.

கல்லாவில் பொருள்வாரி அறிக்கை வரவில்லை என்றால், அதாவது எல்லாவற்றையும் 'சாப்பாடு' என்று ஒரே பொத்தானில் அடித்துக்கொண்டிருந்தால் (நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்), இன்றே ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொத்தான் வையுங்கள், அல்லது சுவரில் ஒரு தாள் ஒட்டி ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள். நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு வாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்: இங்கே சம்பளம் வரும் மாதக் கடைசி வாரத்தில் மட்டன் ஏறும், அதற்கு முந்தைய வாரம் பீன்ஸ் ஏறும். ஒரு வாரத்தைப் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும்.

2. விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் பணம்

இதுதான் நிலைச் செலவு. என்னுடையது மாதத்துக்கு இப்படி:

- வாடகை: 11,000 ரேண்ட்
- இரண்டு உதவியாளர்கள் சம்பளம்: 13,000
- ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், விளக்கு மின்சாரம்: 2,800
- இன்ஷூரன்ஸ், போன், கார்டு இயந்திர வாடகை: 1,200
- என் சம்பளம்: 8,000

மொத்தம் 36,000.

உங்கள் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். அதைச் சேர்க்காமல் பார்த்தால் கடை எப்போதும் நன்றாக ஓடுவது போலவே தெரியும், வீட்டில் மட்டும் பணம் இருக்காது. கடன் வாங்கியிருந்தால் வட்டி மட்டுமே செலவு, அசல் செலவு ஆகாது. ஆனால் 'மாதம் கையில் பணம் போதுமா' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் முழுத் தவணையையும் இங்கே போடுங்கள். இரண்டில் எதைக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

3. ஒவ்வொரு பொருளிலும் கையில் நிற்கும் மிச்சம்

விலையிலிருந்து அந்தப் பொருளுக்காகவே போகும் செலவைக் கழித்தால் மிச்சம். கணக்குப் புத்தகத்தில் இதைப் 'பங்களிப்பு' என்பார்கள். நிலைச் செலவுக்கு அந்தப் பொருள் தருகிற பங்கு என்று பொருள். வாடகையில் ஒரு பைசாகூட இதற்குள் வரக் கூடாது.

குவார்ட்டர் மட்டன், விலை 90. ஆட்டிறைச்சி 42, ரொட்டி 5 (20 ரேண்ட் ரொட்டியில் நாலு), மசாலா உருளைக்கிழங்கு எண்ணெய் 6, கேஸ் 2, பொட்டலம் 3, கார்டுக் கழிவு 2. ஆக 60. மிச்சம் 30.

குவார்ட்டர் பீன்ஸ், விலை 45. பீன்ஸ் 10, ரொட்டி 5, மசாலா 4, கேஸ் 2, பொட்டலம் 3, கார்டு 1. ஆக 25. மிச்சம் 20.

உருளைக்கிழங்கு சமூசா, டஜன் 60. உள்ளே வைப்பது 18, மேல்மாவுப் பட்டை 8, எண்ணெய் 6, மடித்துக் கொடுக்கும் அக்காவுக்கு டஜனுக்கு 12, பொட்டலம் 2, கார்டு 2. ஆக 48. மிச்சம் 12.

மடிக்கும் கூலியைக் கவனியுங்கள். மாதச் சம்பளமாக இருந்தால் அது நிலைச் செலவு, டஜனுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அது மாறும் செலவு. வேலை ஒன்றுதான், கொடுக்கும் முறை வேறு, கணக்கில் உட்காரும் இடமும் வேறு.

வீணாவதையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். 40 பேருக்கு மட்டன் சமைத்து 36 பேருக்கு விற்றால், இறைச்சிச் செலவை 36-ஆல் வகுங்கள். மேலே உள்ள 42 அப்படி வகுத்து வந்ததுதான்; முதலில் நான் 40-ஆல் வகுத்து 38 என்று போட்டு, ஒவ்வொரு தட்டிலும் நாலு ரேண்ட் கூடுதலாக மிஞ்சுவதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வாட் பதிவு செய்தவர் என்றால் இந்தப் படியை வரி நீக்கி மீண்டும் போட வேண்டும். 15 சதவீதம் உங்கள் விலைக்குள்ளேயே இருக்கிறது, எனவே 45 ரேண்ட் பீன்ஸில் உங்களுடையது 39.13 தான். வாங்கும் பக்கத்தில், வரி போட்ட பில் இருந்தால் இறைச்சிக்குக் கட்டிய வரி திரும்ப வரும். காய்ந்த பீன்ஸ், பருப்பு, அரிசி, காய்கறி, சமையல் எண்ணெய் எல்லாம் பூஜ்ய வரிப் பொருள்கள், அங்கே திரும்ப வர ஒன்றும் இல்லை. அதனால் வாட் பதிவு செய்ததும் மட்டனைவிட பீன்ஸின் மிச்சம்தான் விகிதத்தில் அதிகம் சுருங்கும். நான் அப்போது பதிவு செய்திருக்கவில்லை, அதனால் கீழே வரும் எண்கள் வரி இல்லாத கணக்கு.

4. விற்பனைக் கலவையை ஒரு கட்டாகக் கட்டுங்கள்

என் நான்கு வாரத் தாளில், பத்து உருப்படி விற்றால் 5 மட்டன், 3 பீன்ஸ், 2 டஜன் சமூசா. இதுதான் விற்பனைக் கலவை. இந்தப் பத்தையும் ஒரே பொருள் மாதிரி, ஒரு 'கட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர் கட்டாக வாங்கமாட்டார்தான், ஆனால் மாதம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் கடை கட்டுக் கட்டாகத்தான் விற்கிறது.

ஒரு கட்டின் மிச்சம்: 5 × 30 = 150, 3 × 20 = 60, 2 × 12 = 24. மொத்தம் 234.

36,000-ஐ 234-ஆல் வகுத்தால் 153.8. மேல்நோக்கி முழுமையாக்கி 154 கட்டு. அதாவது 770 மட்டன், 462 பீன்ஸ், 308 டஜன் சமூசா, மொத்தம் 1,540 உருப்படி. திங்கள் விடுமுறை போக மாதம் 26 நாள் கடை திறக்கிறேன், எனவே நாளைக்கு ஏறக்குறைய 60. ஒரு கட்டின் விற்பனை மதிப்பு 705 ரேண்ட், ஆகவே கல்லாவில் சுமார் 1,08,500 ரேண்ட் வந்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இந்த இடத்தைத்தான் பிரேக்-ஈவன் என்பார்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுகிறவர்கள், B2 முதல் B4 வரை கட்டின் எண்ணிக்கையும், C2 முதல் C4 வரை மிச்சமும் போட்டு இதை எழுதுங்கள்:

```
=ROUNDUP(36000/SUMPRODUCT(B2:B4,C2:C4),0)
```

இங்கே ஆட்கள் வழக்கமாக விழும் குழி இரண்டு. முதலாவது, மூன்று மிச்சத்தையும் கூட்டி மூன்றால் வகுப்பது. 30, 20, 12-க்குச் சராசரி 20.67, அதை வைத்து வகுத்தால் 1,742 உருப்படி என்று வரும். அது மூன்றும் சரிசமமாக விற்கும் ஒரு கடையின் கணக்கு, உங்கள் கடையின் கணக்கு அல்ல.

இரண்டாவது, வாடகையைப் பொருள்களுக்குப் பங்கு பிரிப்பது. என் கணவரின் மாமா ஒருவர், பல வருடம் கணக்கு வேலை பார்த்தவர், நான் 36,000-ஐ மூன்றாகப் பிரித்து எழுதியிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "சமூசாவை நிறுத்தினால் கடையின் சொந்தக்காரர் வாடகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வாராம்மா?" என்று கேட்டார். அந்தத் தாளின்படி சமூசா மாதம் 1,000 டஜன் விற்க வேண்டும், 330 தான் விற்கிறது, எனவே நிறுத்திவிடலாம் என்று நான் முடிவுக்கே வந்திருந்தேன். நிறுத்தியிருந்தால் அது தரும் 3,960 ரேண்ட் போயிருக்கும், வாடகை அப்படியே நின்றிருக்கும்.

5. கலவை மாறும்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள்

புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. இங்கே நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த மாதம் முழுதும் மாமிசம் கிடையாது. முருகன் கோயில் பக்கமே போகாத பையன்கள்கூட அந்த மாதம் பீன்ஸ்தான் கேட்பார்கள். என் கலவை பத்துக்கு 1 மட்டன், 6 பீன்ஸ், 3 டஜன் சமூசா என்று ஆனது.

கட்டின் மிச்சம்: 30 + 120 + 36 = 186. முன்பு 234.

36,000-ஐ 186-ஆல் வகுத்தால் 193.5, அதாவது 194 கட்டு, 1,940 உருப்படி. விலை மாறவில்லை, வாடகை மாறவில்லை, எந்தப் பொருளின் அடக்கமும் மாறவில்லை. மாதத்துக்கு 400 உருப்படி கூடுதலாக விற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவும் கலவை மாறியதால் மட்டுமே. நான் விற்ற 1,650-ஐ இதில் வைத்துப் பாருங்கள்: 165 கட்டு, 186 வீதம் 30,690 மிச்சம், நிலைச் செலவுக்கு 5,310 குறை. முந்தைய மாதம் அதே 1,650-க்கு 38,610 கிடைத்து, 2,610 மிஞ்சியிருந்தது. நான் தேடிய பணம் அங்கேதான் இருந்தது.

இப்போது என்னை இரண்டு மாதம் குழப்பிய விஷயம். ரேண்டில் பார்த்தால் பிரேக்-ஈவன் இறங்கியிருக்கிறது! புதிய கட்டின் விற்பனை மதிப்பு 90 + 270 + 180 = 540. அதில் மிச்சம் 186, அதாவது நூற்றுக்கு 34.4. பழைய கட்டில் 705-க்கு 234, நூற்றுக்கு 33.2. ஆகவே கல்லாவில் 1,08,500 தேவைப்பட்ட இடத்தில் இப்போது சுமார் 1,04,500 போதும். நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் பீன்ஸ் (44) மட்டனைவிட (33) நல்ல பொருள், புரட்டாசி நல்ல மாதம். நான் அப்படித்தான் நினைத்து, சந்தோஷமாகப் பீன்ஸை முன்வரிசையில் வைத்தேன்.

இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் கடைக்கு வரும் ஆள் ஒரு குவார்ட்டர்தான் சாப்பிடுவார், 45 ரேண்ட் மிச்சமானது என்று இரண்டு வாங்கமாட்டார். மட்டனுக்கு 90 கொடுத்தவர் இப்போது 45 கொடுக்கிறார், என் கைக்கு 30 வந்த இடத்தில் 20 வருகிறது. உங்கள் கடையில் எது கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். வரும் ஆட்களின் எண்ணிக்கையோ, அடுப்பின் எண்ணிக்கையோ கட்டுப்படுத்தினால் ஓர் உருப்படிக்கு எத்தனை ரேண்ட் நிற்கிறது என்பதே முக்கியம். வாடிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்கவே வருகிறார் என்றால் (எடுத்துக்காட்டாக, 2,000 ரேண்டுக்கு விருந்து ஆர்டர் கொடுப்பவர்) அப்போது நூற்றுக்கு எவ்வளவு என்பது முக்கியம். டேக்-அவே கடைக்குப் பெரும்பாலும் முதலாவதுதான்.

நூற்று விகிதத்தில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 33, 44, 20 என்ற விகிதங்களை உருப்படி எண்ணிக்கையால் எடைபோடக் கூடாது, விற்பனை ரேண்டால்தான் போட வேண்டும். எண்ணிக்கையால் எடைபோட்டால் புரட்டாசி விகிதம் 36 என்று வரும், 1,00,000 விற்றால் போதும் என்று தெரியும். 4,500 ரேண்ட் விற்பனை குறைவாகக் காட்டும் தவறு அது.

6. ஆள் சேர்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

1,940 உருப்படி என்றால் நாளைக்கு 75. இரண்டு பேரால் முடியவில்லை என்று மதிய நேரத்துக்கு ஓர் ஆளை 250 ரேண்டுக்கு வைத்தால், 26 நாளுக்கு 6,500. நிலைச் செலவு 42,500 ஆகிறது. 186-ஆல் வகுத்தால் 229 கட்டு, நாளைக்கு 88 உருப்படி. 75 செய்ய ஆள் வைத்தீர்கள், அந்த ஆளுக்காகவே 88 செய்ய வேண்டும். மிச்சம் குறைந்த கலவையில் ஆள் சேர்ப்பது இப்படித்தான் துரத்தும். முதலில் கட்டின் மிச்சத்தை ஏற்றுங்கள்.

7. கட்டின் மிச்சத்தை ஏற்றும் வழி

அடுத்த வருடம் நான் இரண்டு செய்தேன். பீன்ஸ் குவார்ட்டரை 45-லிருந்து 48 ஆக்கினேன், ஆகஸ்டிலேயே. விரதம் தொடங்கும் அன்று விலை ஏற்றினால் ஆட்கள் மனம் நோவார்கள், அது நியாயமும்கூட. அப்புறம் பனீர் குவார்ட்டர் ஒன்று வைத்தேன், மிச்சம் 32 நிற்கும்படி விலை போட்டு. வழக்கமாக மட்டனுக்கு 90 கொடுக்கிறவர்களில் சிலர் அதற்கு வந்துவிட்டார்கள்.

கலவை 1 மட்டன், 4 பீன்ஸ், 2 பனீர், 3 சமூசா ஆனது. கட்டின் மிச்சம் 30 + 92 + 64 + 36 = 222. 36,000-க்கு 163 கட்டு, 1,630 உருப்படி. அதே 1,650 விற்றதில் 630 ரேண்ட் மிஞ்சியது. பெரிய லாபமில்லை, ஆனால் வாடகைக்குக் கைமாற்று வாங்கவில்லை.

பனீர் வைப்பவர்கள், அது யாரிடமிருந்து ஆட்களை எடுக்கிறது என்று தாளில் குறித்துப் பாருங்கள். புரட்டாசி அல்லாத மாதத்தில் 30 தரும் மட்டன் வாடிக்கையாளரை எடுத்தால் இரண்டு ரேண்ட்தான் லாபம். அதற்காக இன்னொரு பாத்திரம், இன்னொரு வீணாகும் பொருள். எனக்கு அது அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே சரிப்பட்டது.

8. எப்போது கணக்குப் போடுவது

காலண்டர் மாதக் கணக்கில் புரட்டாசி தெரியவே தெரியாது. செப்டம்பரில் பாதி, அக்டோபரில் பாதி என்று பிரிந்து, இரண்டு மாதமும் 'கொஞ்சம் மந்தம்' என்று மட்டும் காட்டும். எனக்கு இரண்டு மாதம் ஆனதற்கு இதுவும் காரணம். செப்டம்பர் நடுவிலிருந்து முப்பது நாளைத் தனியாக எடுத்து, அதற்கு ஒரு மாத நிலைச் செலவை வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் கணக்குப் போட்டால் விலை மாற்றவும் கறிக்கடையில் ஆர்டரைக் குறைக்கவும் நேரம் இருக்கும்.

தினமும் பார்க்க ஒரே ஓர் எண் போதும். 36,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,385. கடை மூடும்போது மட்டன் எண்ணிக்கையை 30-ஆலும், பீன்ஸை 20-ஆலும், சமூசா டஜனை 12-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 28 மட்டன், 20 பீன்ஸ், 12 சமூசா என்றால் 1,384, சரியாக விளிம்பில். 8 மட்டன், 38 பீன்ஸ், 18 சமூசா விற்ற நாளில், 60-க்குப் பதில் 64 உருப்படி போயிருந்தாலும், வருவது 1,216 தான், 169 குறை. இந்த எண்ணுக்குக் கலவை எப்படி மாறினாலும் கவலையில்லை, ஏனென்றால் கலவை அதற்குள்ளேயே இருக்கிறது. விலையோ இறைச்சி பில்லோ மாறும்போது மட்டும் 30, 20, 12-ஐத் திருத்தினால் போதும். என் கல்லாவுக்கு மேலே பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறேன், இறைச்சி பில் வரும் வெள்ளிக்கிழமைகளில் அழித்து எழுத வசதியாக.